விகிதம் தடுமாறும் இடத்தில் மூலச் சோதனை

முடிவிலாத் தொடர் ஒன்றின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது கிடைக்கும் கூட்டுத்தொகைகள் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கினால் அத்தொடர் ஒருங்குகிறது என்றும், அவ்வாறு நெருங்காவிட்டால் விரிகிறது என்றும் கணிதத்தில் சொல்லப்படுகிறது. இதைக் கண்டறியக் கல்லூரி மாணவர் முதலில் பழகுவது விகிதச் சோதனை. அடுத்தடுத்த இரு உறுப்புகளின் விகிதமான aₙ₊₁/aₙ எந்த எல்லையை நோக்கிச் செல்கிறது என்று பார்ப்பதே அது. மூலச் சோதனையோ அண்டை உறுப்பைப் பார்ப்பதே இல்லை. n-ஆம் உறுப்பை மட்டும் எடுத்து, அதன் எண்மதிப்பின் n-ஆம் படிமூலமான |aₙ|^(1/n) எதை நோக்கிச் செல்கிறது என்று கேட்கிறது. அந்த எல்லை 1-க்குக் குறைந்தால் தொடர் ஒருங்கும், 1-ஐ மிஞ்சினால் விரியும், 1-ஆகவே இருந்தால் சோதனை எதுவும் சொல்லாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821-இல் வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூலில் இச்சோதனை இடம்பெற்றது.

இரண்டு சோதனைகளுக்கும் அடித்தளம் ஒன்றே. ஏதோ ஓர் உறுப்பிலிருந்து தொடங்கி |aₙ|^(1/n) எப்போதும் r என்னும் நிலையான எண்ணைத் தாண்டாமல், அந்த r-உம் 1-க்குக் குறைவாக இருந்தால், |aₙ| ≤ rⁿ ஆகிறது. rⁿ-களின் கூட்டுத்தொகை பெருக்குத் தொடர், அது ஒருங்குவது. எனவே அதைவிடச் சிறிய உறுப்புகளைக் கொண்ட தொடரும் ஒருங்கும். இங்கே 'நிலையான' என்ற சொல் உயிரானது. 1/n-இன் n-ஆம் மூலம் n = 2 முதல் ஒவ்வொரு n-க்கும் 1-க்குக் குறைவுதான்; ஆயினும் 1 + 1/2 + 1/3 + … என்னும் இசைத் தொடர் விரிகிறது. ஒவ்வொரு மூலமும் 1-க்குக் கீழே இருந்தால் போதாது, 1-க்கும் அவற்றுக்கும் இடையே சுருங்கிவிடாத ஓர் இடைவெளி இருக்க வேண்டும். விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இந்த இடைவெளியை மறப்பதே.

விகிதச் சோதனை தடுமாறும் இடத்தை aₙ = 2^(−n+(−1)ⁿ) என்னும் தொடர் தெளிவாகக் காட்டும். n = 1 முதல் இதன் உறுப்புகள் 1/4, 1/2, 1/16, 1/8, 1/64, 1/32 என்று செல்கின்றன. உற்றுப் பார்த்தால், இது 1/2, 1/4, 1/8, 1/16 என்று இறங்கும் நன்கறிந்த பெருக்குத் தொடர்தான். ஒவ்வோர் இணையிலும் உள்ள இரண்டு உறுப்புகள் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே. கூட்டுத்தொகையும் அதே 1. ஆனால் அடுத்தடுத்த விகிதங்கள் 2, 1/8, 2, 1/8 என்று மாறி மாறி வருவதால் அவற்றுக்கு எல்லையே இல்லை. விகிதச் சோதனை கைவிரித்துவிடுகிறது. ஒருங்குவதில் ஐயமே இல்லாத ஒரு தொடர், அண்டை உறுப்புகள் இடம் மாறியதாலேயே அச்சோதனையின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறது. மூலத்தை எடுத்தாலோ 2^(−1+(−1)ⁿ/n) கிடைக்கிறது. n பெருகப் பெருக (−1)ⁿ/n சுழியத்தை நெருங்கி மறைய, எல்லை 1/2 என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் பாடநூல்களில் அரிதாகவே விளக்கப்படுகிறது. விளக்கியிருந்தால் மாணவர் எந்தச் சோதனையை எப்போது எடுப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டியிராது. உறுப்புகள் நேர்மமாக இருக்கும்போது, aₙ என்பது முதல் உறுப்பை அதன்பின் வரும் n − 1 விகிதங்களாலும் பெருக்கக் கிடைப்பது. அதன் n-ஆம் மூலத்தை எடுக்கும்போது, பெரிய n-க்கு, அந்த விகிதங்கள் அனைத்தின் பெருக்குச் சராசரியே கிடைக்கிறது. மேற்கண்ட தொடரில் 2, 1/8 ஆகியவற்றின் பெருக்குச் சராசரி √(2 × 1/8), அதாவது 1/2. மூலச் சோதனை தந்த விடையும் அதுவே. விகிதச் சோதனை ஒவ்வொரு படியையும் தனித்தனியே பார்த்துத் தீர்ப்பளிக்கிறது, மூலச் சோதனை அதுவரை கடந்த படிகளின் சராசரியைப் பார்க்கிறது. விகிதங்களுக்கு ஓர் எல்லை இருந்தால் சராசரியும் அதே எல்லையை அடைந்தாக வேண்டும். சராசரிக்கு எல்லை இருப்பதால் விகிதங்களுக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே விகிதச் சோதனையின் எல்லை தீர்ப்பளிக்கும் எல்லாத் தொடர்களுக்கும் மூலச் சோதனையும் அதே தீர்ப்பை அளிக்கும். அதற்கு அப்பாலும் செல்லும்.

இவ்வலிமையை முழுமையாகப் பெற இன்னும் ஒரு திருத்தம் வேண்டும். ஒற்றைப்படை n-க்கு 1/2ⁿ, இரட்டைப்படை n-க்கு 1/3ⁿ என்று உறுப்புகளை அமைத்தால், மூலங்கள் 1/2, 1/3 என்று மாறி மாறி வருகின்றன. வெறும் எல்லையைக் கேட்கும் சோதனை இங்கும் நின்றுவிடும். மூலங்கள் திரும்பத் திரும்ப நெருங்கும் மதிப்புகளுள் மிகப் பெரியதை, அதாவது மேல் எல்லையை, எடுத்தால் 1/2 கிடைத்துத் தொடர் ஒருங்குவது உறுதியாகிறது. மேல் எல்லை எப்போதும் உண்டு; முடிவிலியாக வேண்டுமானால் இருக்கலாம். கோஷியே இந்த மிகப் பெரிய எல்லையைத்தான் கருதினார். அடுக்குத் தொடரின் ஒருங்கு ஆரத்தைத் தரும் வாய்பாடும், கோஷியின் பெயரோடு ஹடமார்டின் பெயரையும் தாங்கி, மேல் எல்லையின் மீதே நிற்கிறது. தொடக்கநிலை நூல்கள் எளிமை கருதி வெறும் எல்லையோடு நிறுத்திக்கொள்வது, இச்சோதனைக்கு விகிதச் சோதனையைக் காட்டிலும் உள்ள மேன்மையில் பெரும்பகுதியைக் கைவிடுவதாகும்.

ஆயினும் சராசரி எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. n!/nⁿ என்னும் உறுப்பில் n! என்பது 1 முதல் n வரையான எண்களின் பெருக்கற்பலன். இதன் விகிதம் சுருக்கியதும் (n/(n+1))ⁿ ஆகி, 1/e-ஐ, அதாவது ஏறத்தாழ 0.3679-ஐ நெருங்குகிறது. மூலத்தை எடுக்க முயன்றால் n!-இன் n-ஆம் மூலம் வழிமறிக்கிறது; ஸ்டர்லிங்கின் தோராய வாய்பாடு போன்ற வேறொரு கருவியைக் கொண்டுவராமல் நேரடியாக நகர முடிவதில்லை. கையால் மதிப்பிட்டாலும் நிலை இதுவே: n = 10 எனில் விகிதம் 0.3855, மூலம் 0.4529; n = 100 எனில் விகிதம் 0.3697, மூலம் இன்னும் 0.3799. இத்தொடரின் முதல் விகிதங்கள் 0.5, 0.444 என்று பெரிதாக இருந்தவை. சராசரி அவற்றைச் சுமந்துகொண்டே செல்வதால் எல்லையை அடையத் தாமதிக்கிறது. இத்தகைய தொடர்களில் விகிதத்தின் எல்லையைக் கண்டு, மூலத்தின் எல்லையும் அதுவே என்று முடிவுசெய்வதுதான் எளிய வழி. மாறாக, (1 − 1/n)^(n²) போல உறுப்பு முழுவதுமே ஓர் அடுக்காக நிற்கும் இடத்தில் மூலம் (1 − 1/n)ⁿ என்று உடனே அவிழ்ந்து அதே 1/e-ஐத் தர, விகிதமோ n², (n+1)² ஆகிய அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது.

இதைவிட ஆழமான குறை எல்லை 1 ஆகும்போது வெளிப்படுகிறது. 1/n, 1/n² ஆகிய இரண்டின் மூலங்களும் 1-ஐயே நெருங்குகின்றன. முன்னது விரியும், பின்னது ஒருங்கும். விகிதச் சோதனையும் இங்கே ஊமைதான், ஆனால் அதன் ஊமைத்தனம் முழுமையானதன்று. 1/n²-இன் விகிதம் ஏறத்தாழ 1 − 2/n, 1/n-இன் விகிதம் ஏறத்தாழ 1 − 1/n. இரண்டையும் பிரித்தறிவதற்கான செய்தி அந்த 2-இலும் 1-இலும் அப்படியே இருக்கிறது. n(aₙ/aₙ₊₁ − 1) என்பதன் எல்லையைக் கேட்கும் ராபேயின் சோதனை அச்செய்தியை நேரே எடுத்துக்கொள்கிறது: 1/n²-க்கு அது 2 + 1/n ஆகி 2-ஐ அடைகிறது, 2 என்பது 1-ஐ விடப் பெரிது, எனவே தொடர் ஒருங்குகிறது. இசைத் தொடருக்கு அம்மதிப்பு 1-ஆகவே நின்றுவிடுவதால் ராபேயும் மௌனமாகிறார். அங்கே உறுப்புகளைக் கூட்டங்களாகப் பிரித்து ஒப்பிட வேண்டியதுதான். மூலச் சோதனையில் இதே செய்தி சராசரிக்குள் கரைந்து, 1/n²-க்கு மடக்கையோடு சேர்ந்து 1 − (2 ln n)/n என்ற வடிவில்தான் எஞ்சுகிறது. அதைப் பிரித்தெடுப்பது முடியாததன்று, ஆனால் அதற்கு வேண்டிய உழைப்பில் விகிதத்தின் வழியே நேராகச் சென்றிருக்கலாம்.