இருட்டில் விழும் பட்டைகள்: பிட்ரேட் மட்டும் போதுமா?

2019 ஏப்ரல் 28 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் அத்தியாயம் ஒளிபரப்பானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று பார்வையாளர்கள் குமுறினார்கள். காட்சியின் இருட்டு திட்டமிட்டது என்றும், வீடுவரை வந்து சேரும் வழியில் சுருக்கமும் தொலைக்காட்சி அமைப்புகளும் அதைக் கெடுத்தன என்றும் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் தரப்பில் சொல்லப்பட்டது. இருட்டுக் காட்சியை எக்ஸ்போர்ட் செய்த எவரும் இந்தச் சிக்கலைச் சிறிய அளவில் சந்தித்திருப்பார்கள். எடிட்டிங் திரையில் பட்டுப்போல் இருந்த அந்தி வானம், கோப்பாக வெளியே வந்ததும் படிக்கட்டாகிவிடும். மூலையிலுள்ள இருள் சதுரம் சதுரமாக நகரும். உடனே கிடைக்கும் அறிவுரை "பிட்ரேட்டைக் கூட்டு" என்பதுதான். அது பாதி உண்மை, ஆனால் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

ஒரு காட்சியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 பிக்சல் அகலமுள்ள அந்தி வானம். இடப்பக்கம் ஒளி மதிப்பு 20, வலப்பக்கம் 44. எட்டு பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்பதால் இது மிக இருண்ட பகுதி. 20-லிருந்து 44 வரை 24 படிகள்தான் உண்டு. 1920-ஐ 24-ஆல் வகுத்தால் ஒவ்வொரு படியும் 80 பிக்சல் அகலம். இருண்ட அறையில் அவ்வளவு அகலமான பட்டையின் விளிம்பைக் கண் எளிதாகப் பிடித்துவிடும். இங்கே என்கோடர் இன்னும் எதையுமே தொடவில்லை. சுருக்கமே இல்லாமல் எட்டு பிட்டில் சேமித்தாலும் அதே 24 படிகள் இருக்கும். பிட்ரேட்டை நூறு மடங்காக்கினாலும் இருபத்தைந்தாவது படி பிறக்காது. பட்டை விழக் காரணம் மதிப்புகளின் பஞ்சம்.

சதுரம் விழுவது வேறு நோய். எச்.264 என்கோடர் படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மாறுதலை அலைகளாகப் பிரித்து, ஒரு படிக்கல்லால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. அந்தப் படிக்கல்லின் அளவை `QP` என்னும் எண் தீர்மானிக்கிறது; `QP` 6 கூடினால் படிக்கல் இரட்டிக்கும். 22-இல் அது 8. நம் வானத்தில் ஒரு படியின் விளிம்பு 8×8 கட்டத்தின் நடுவே போகிறது என்று வையுங்கள்: பாதி 30, பாதி 31. அந்த மாறுதலின் முதன்மை அலை ஏறத்தாழ 3.6. எட்டுக்கு முன் 3.6 பூஜ்ஜியமாகிவிடும், கட்டம் முழுவதும் ஒரே நிறமாகத் தட்டையாகிறது. மங்கலான மாறுதல் மட்டுமே உள்ள இருண்ட பகுதிதான் முதலில் பலியாவதன் காரணம் இதுதான். இந்த நோய்க்குப் பிட்ரேட் மருந்தாகும். அது படிக்கல்லைச் சிறிதாக்குகிறது.

எது எது என்று பிரித்தறிவது கடினமில்லை. ஒரு ஃபிரேமை நிறுத்தி, காமாவை ஏற்றிப் பாருங்கள். ஒளி பரவும் திசைக்கு ஏற்ப வளைந்து நீளும் விளிம்புகள் பட்டை. நேர்கோட்டு விளிம்புகளோடு கட்டத்தில் பொருந்தி நிற்பது, கீஃபிரேம் வரும்போதெல்லாம் சட்டென்று துடிப்பது சுருக்கத்தின் சதுரம். பட்டை என்றால் எடிட்டிங் மூலத்தையும் அதே ஃபிரேமில் பாருங்கள். அங்கேயே இருந்தால் கேமரா எட்டு பிட்டில் பதிந்ததும், அதைக் கிரேடிங்கில் இழுத்ததும் காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் எக்ஸ்போர்ட்டில்தான் நுழைந்திருக்கிறது.

இனி மருந்துகளை எடை போடலாம். முதலாவது, பத்து பிட். நம் வானம் அங்கே 80-லிருந்து 176 வரை போகிறது. 96 படிகள், ஒவ்வொன்றும் 20 பிக்சல். மதிப்புப் பஞ்சத்துக்கு இதுவே நேரடி மருந்து. குறை, சேருமிடத்தில் இருக்கிறது. பத்து பிட் எச்.264 கோப்பைப் பெரும்பாலான வன்பொருள் டிகோடர்கள் ஏற்பதில்லை. பத்து பிட் எச்.இ.வி.சி இப்போதைய போன்களிலும் டிவிகளிலும் பரவலாக ஓடும். ஆனால் வீடியோ தளத்துக்கு ஏற்றினால், அது மறுபடி என்கோட் செய்து சாதாரண ஒளி வீச்சுக் காட்சியை எட்டு பிட்டாக்கிவிடக் கூடும். பார்வையாளரின் திரையும் எட்டு பிட்டாக இருக்கலாம்.

இரண்டாவது, கிரெய்ன். பத்து பிட்டிலிருந்து எட்டுக்கு இறங்கும்போது ஒரு படி அளவு சலசலப்பைச் சேர்த்தால், 30-க்கும் 31-க்கும் இடைப்பட்ட 30.4 என்னும் மதிப்பு, பத்தில் நான்கு பிக்சல் 31 ஆகவும் ஆறு பிக்சல் 30 ஆகவும் சிதறும். கண் அதைச் சராசரியாக்கிக்கொள்கிறது, விளிம்பு கரைந்துவிடுகிறது. லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-இல் படக் குறியாக்கத்துக்கு முன்வைத்த யோசனை இது. எட்டு பிட் கோப்பில் பட்டையை மறைக்க இன்றும் இதைவிட நேரிய வழி இல்லை. கேமராவின் இரைச்சல் இயல்பாகவே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இரவுக் காட்சியை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுத் துடைக்கிறவர்கள் பட்டையைத் தாங்களே வரவழைக்கிறார்கள். துடைத்தால், டைம்லைனில் மெல்லிய கிரெய்னைத் திரும்பப் போட வேண்டும்.

ஆனால் கிரெய்னுக்குச் செலவு உண்டு. கிரெய்ன் என்னும் தூசி என்கோடருக்குச் சுருக்கக் கடினமான பொருள். பிட்ரேட் போதாவிட்டால் முன் சொன்ன 8 அளவுள்ள படிக்கல் தூசியையும் பூஜ்ஜியமாக்கும். கீஃபிரேமில் உயிரோடிருக்கும் கிரெய்ன் அடுத்தடுத்த ஃபிரேம்களில் சேறாகிக் கீஃபிரேமில் மீண்டும் எழும். போடாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அது உறுத்தும். பிட்ரேட்டின் சரியான இடம் இங்கேதான்: கிரெய்னைக் காப்பதற்காக அது தேவைப்படுகிறது.

மூன்றாவது, என்கோடரின் பகிர்வு. `aq-mode 3` அமைப்பு இருண்ட கட்டங்களுக்குக் கூடுதல் பிட்களை ஒதுக்குகிறது. `x264`-இல் முன்னிருப்பு 1 என்பதால் இதை நாமே கேட்க வேண்டும். மொத்தம் அதே அளவில் நிற்கும்போது வெளிச்சப் பகுதி சற்று இழக்கும். இரவுக் காட்சிக்கு அது நல்ல பேரம்தான். ஆனால் இதனால் சதுரம்தான் குறையும். 24 படிகளை அது 25 ஆக்காது.

எனவே என் தீர்ப்பு இந்த வரிசையில் நிற்கிறது. வேலை முழுவதையும் பத்து பிட்டிலோ அதற்கு மேலோ செய்யுங்கள். இயக்கும் கருவி உங்கள் கையில் இருக்குமானால், பத்து பிட் எச்.இ.வி.சியாகவே கொடுங்கள்:

```
ffmpeg -i master.mov -c:v libx265 -pix_fmt yuv420p10le -crf 18 -preset slow -x265-params aq-mode=3 -tag:v hvc1 out.mp4
```

எட்டு பிட்தான் வேண்டும் என்றால், டைம்லைனில் கிரெய்ன் போட்டு, அதைத் தாங்கும் அளவுக்கு `crf`-ஐக் குறைத்துக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i master.mov -c:v libx264 -pix_fmt yuv420p -crf 16 -preset slow -aq-mode 3 out.mp4
```

முடிந்ததும் `x264` அச்சிடும் `Avg QP` வரியைப் பாருங்கள். அது இருபதுகளின் நடுவில் நிற்குமானால், மெல்லிய கிரெய்ன் பிழைத்திருக்கும் என்று நம்ப முடியாது. இருண்ட காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். தளத்துக்கு ஏற்றும் கோப்பென்றால் பத்து பிட் மாஸ்டரைக் கொடுப்பதும், கிரெய்னைச் சற்றுப் பருமனாக வைப்பதும் நல்லது. நுண்ணிய தூசியை இரண்டாம் என்கோட் அரித்துவிடும். பருமனானது ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்கு அப்பால் உத்தரவாதம் தர எந்த அமைப்பாலும் முடியாது.

பிட்ரேட்டை மட்டும் கூட்டியவருக்குச் சதுரம் மறையும். அது மறைந்த இடத்தில் பட்டைதான் இன்னும் தெளிவாகத் தெரியும்.