தலைவலிக்கு ரத்தப் பரிசோதனை: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

மாதக்கணக்கில் தலைவலியால் அவதிப்படும் பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது, "ரத்தம் கம்மியா இருக்கும், செக் பண்ணிப் பாரு" என்பதுதான். அண்மைக் காலத்தில் அதோடு வைட்டமின் டி, பி12 ஆகியவையும் சேர்ந்துகொண்டன. பரிசோதனைக்கூடங்கள் இவை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்கின்றன. இத்தனை சோதனைகளில் ஏதோ ஒன்று குறைவாக வந்துவிடும். தலைவலிக்கு அதுவே காரணம் என்றும் முடிவாகிவிடும். அந்த முடிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்று எடைபோட்டாக வேண்டும். தவறினால் இழப்பு இரு பக்கமும் நேர்கிறது. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு அதற்குரிய சிகிச்சை தள்ளிப்போகிறது. உண்மையாகவே இரும்புச்சத்து குறைந்தவருக்கோ, அது ஏன் குறைந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

முதலில் ஒரு கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. கர்நாடகத்தில் நடந்து 2015இல் வெளியான கள ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்ததைக் கண்டது. இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தமிழ்நாட்டில் மைக்ரேன் உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு இரத்தசோகையும் இருக்கத்தான் செய்யும். ஆகவே இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பது, ஒன்றால் மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

அப்படியானால் சான்று என்ன சொல்கிறது? தலைவலிகளை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலின் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. தைராய்டு சுரப்புக் குறைவால் வரும் தலைவலிக்கும், பட்டினி கிடப்பதால் வரும் தலைவலிக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இரத்தசோகைக்கு அப்படி ஓர் இடம் தரப்படவில்லை. தொடர்பு இருப்பதாகச் சொல்லப்பட்டாலும் அது போதிய அளவு ஆராயப்படவில்லை என்பதே பட்டியலின் நிலை. மைக்ரேன் உள்ள பெண்களிடம் ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைந்திருப்பதாகக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, ஒரே நேரத்தில் இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவை. எது முன்னால் வந்தது என்பதை அவை சொல்லமாட்டா.

இந்த முன்பின் குழப்பம் சிறியதல்ல. மாதவிடாயில் அதிக உதிரம் போகும் பெண்ணுக்கு இரும்புச்சத்து குறையும். அதே நாட்களில் ஹார்மோன் இறங்குவதால் மைக்ரேனும் தூண்டப்படும். இரண்டுக்கும் வேர் ஒன்று, ஆனால் ஒன்று மற்றொன்றின் காரணம் அல்ல. தலைகீழான வழியும் உண்டு. அடிக்கடி தலைவலி வருபவர் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வழக்கமாகப் போட்டுக்கொள்கிறார். அவை இரைப்பையைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியச் செய்யக்கூடும். அங்கே தலைவலிதான் இரத்தசோகைக்கு வழிவிட்டது. ஆகவே தலைவலியோடு இரத்தசோகையும் இருக்கும் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறார் என்பதே. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கவைக்கக்கூடும்.

இரும்புக் குறைவுக்குச் சாதகமாகவும் சில சான்றுகள் உண்டு. இரத்தசோகை கடுமையானால் உழைக்கும்போது மூச்சு வாங்குவதும் படபடப்பும் தலைபாரமும் வரும். ரத்தம் ஏற ஏற அவை குறையும். மருத்துவர்கள் நாள்தோறும் பார்ப்பது இது. மாதவிடாய் முடியும் தறுவாயில் மட்டும் வரும் மைக்ரேன் ஒன்று உண்டு; அது ஹார்மோனால் அல்ல, உதிர இழப்பால் வருவது என்று 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். நம்பத்தக்க ஊகம்தான், ஆனால் பெரிய சோதனைகளில் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

வைட்டமின்களின் வழக்கு இதைவிட மெலிந்தது. வைட்டமின் டி குறித்துச் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டின. ஆனால் அமெரிக்காவில் நடந்த வைட்டல் என்னும் பெரிய சோதனையில் மைக்ரேன் உள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிரித்துப் பார்த்தபோது, அன்றாடம் 2000 அலகு வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தலைவலி குறையவில்லை. போதாததற்கு, எது 'குறைவு' என்பதிலேயே உடன்பாடு கிடையாது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் போதும் என்று ஒரு தரப்பும், 30 வேண்டும் என்று இன்னொரு தரப்பும் நெடுங்காலம் வாதிட்டன. 30 என்ற கோட்டை வைத்து அச்சிடப்பட்ட தாளில், நலமாக இருக்கும் பலரும் குறைபாட்டு நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள். வைட்டமின் பி2 மைக்ரேன் வருவதைக் குறைக்கும் என்பதற்கு 1998இல் வெளியான ஒரு சோதனை உண்டு. ஆனால் அதில் தரப்பட்ட 400 மில்லிகிராம் உணவில் கிடைக்கும் அளவைப்போல் பல நூறு மடங்கு. அது குறையை நிரப்புவது அல்ல, மருந்தாகத் தருவது. அதைத் தொடங்க ரத்தத்தில் பி2 அளவு பார்க்கத் தேவையே இல்லை.

இனி ஒரு நோயாளியை எடுத்துக்காட்டாக உருவாக்கிப் பார்ப்போம். திருப்பூரில் தையல் வேலை செய்யும் 34 வயதுப் பெண். பத்தாண்டுகளாக மாதம் நான்கு முறை ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும் தலைவலி, வாந்தி, வெளிச்சம் ஆகாது. கடந்த ஆறு மாதமாக வேறு ஒன்றும் சேர்ந்திருக்கிறது: பிற்பகலில் தலைபாரம், மாடிப்படி ஏறினால் மூச்சுவாங்கல். மாதவிடாய் எட்டு நாள், கட்டிகட்டியாகப் போகிறது. மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் வலி மாத்திரை.

இவருக்கு முதலில் வேண்டியது முழு ரத்த அணுச் சோதனை, அதாவது சி.பி.சி. ஹீமோகுளோபின் 9.8 என்று வருகிறது. கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இரத்தசோகை. ஆனால் அதே தாளில் உள்ள மற்ற வரிகள்தான் இன்னும் அதிகம் பேசுகின்றன. சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 71; அது 80க்குக் கீழே என்றால் அணு சிறுத்துவிட்டது. இரும்புக் குறைவில் அணு சிறுக்கும்; பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உள்ளவருக்கும் சிறுக்கும். பின்னதில் அணுக்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறையாது. எம்.சி.வி.யை அணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது முதல்கட்டச் சல்லடை: 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். இவருக்கு எண்ணிக்கை 4.2, வகுத்தால் ஏறக்குறைய 17. அணுக்கள் ஒரே அளவில் இல்லை என்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ.வும் உயர்ந்திருக்கிறது. எல்லாம் இரும்பையே சுட்டுகின்றன.

அதை உறுதி செய்வது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் அடுப்பில் வேகும் சோறு என்றால் ஃபெரிட்டின் குதிரில் உள்ள நெல். குதிர் வெறுமையான பிறகே சோறு குறையும். எனவே ஹீமோகுளோபின் 12.3 என்று 'சரியாக' இருக்கும்போதே ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். ஆரோக்கியமான பெரியவருக்கு 15க்குக் கீழ் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைமுறையில் பல மருத்துவர்கள் 30ஐ எல்லையாகக் கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத் தாளில் கீழ் எல்லை இன்னும் தாழ்வாக அச்சாகியிருக்கலாம். தடித்த எழுத்து இல்லை என்பதற்காக 14ஐச் சரி என்று விட்டுவிடக் கூடாது. ஃபெரிட்டினுக்கு ஒரு குறையும் உண்டு. காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் நோய் இருந்தால் அது பொய்யாக உயரும். அப்போது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையைச் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். சீரம் அயர்ன் மட்டும் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. நேரத்துக்கு நேரம், சாப்பிட்டதற்கு ஏற்ப அது மாறும். இந்தப் பெண்ணுக்கு ஃபெரிட்டின் 7. ஐயம் தீர்ந்தது.

அவர் தொகுப்பாக எடுத்ததால் வைட்டமின் டி 16, பி12 260 என்றும் வந்திருக்கிறது. டி குறைவுதான், எலும்புக்காக அதைச் சரிசெய்யலாம், தலைவலி தீருமென்று அல்ல. பி12இல் 200க்குக் கீழ் தெளிவான குறைவு. 200க்கும் 300க்கும் இடையே ஐயத்துக்குரியது. இவர் அசைவம் உண்பவர், கைகால் மரத்துப்போகவில்லை; பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. பி12 குறைந்தால் அணு பருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். சைவ உணவுக்காரர், நீண்டகாலமாக மெட்ஃபார்மின் அல்லது அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர், பாதம் மரத்தவர், நாக்கு வழவழப்பாகிப் புண்ணானவர் ஆகியோருக்கு பி12 சோதனை தகும். அதை ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

சிகிச்சைதான் இந்த வழக்கில் இறுதிச் சாட்சி. இரும்பு மாத்திரையை நாளுக்கு ஒன்று அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், டீ காபியோடு சேர்க்காமல் எடுத்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, உதிரம் இன்னும் போகிறது, குடல் உறிஞ்சவில்லை, அல்லது கண்டறிதலே தவறு. ஹீமோகுளோபின் சரியான பின்னும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். இதற்கிடையே உதிரப்போக்குக்குக் காரணம் தேட வேண்டும்: கருப்பைக் கட்டிக்கு ஸ்கேன், தைராய்டுக்கு டி.எஸ்.எச். தைராய்டுக் குறைவு அதிக உதிரத்தையும் தலைவலியையும் ஒருங்கே தரக்கூடியது என்பதால் அந்தச் சோதனை இங்கே பொருளுடையது. ஆணாக இருந்தாலோ, மாதவிடாய் நின்ற பெண்ணாக இருந்தாலோ, இரைப்பை குடலில் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

தலைவலியைப் பற்றிய தீர்ப்புக்கு நாட்குறிப்பு வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருத்துவரிடம் வருகிறார். அதன்பின் எதைக் கொடுத்தாலும் சற்றுக் குறையும். ஆகவே மாத்திரை தொடங்கும் முன்பே வலித்த நாட்களையும் போட்ட மாத்திரைகளையும் குறித்துவைக்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் எதிர்பார்க்கத் தக்கது இது: ஆறு மாதத் தலைபாரம் ரத்தம் ஏறும்போது விலகும்; பத்தாண்டு மைக்ரேன் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அதற்குத் தனியே தடுப்பு மருந்து தர வேண்டும், இரும்பின் அளவைக் கூட்டக் கூடாது.

எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாத தலைவலிகளும் உண்டு. நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும், கைகால் பலவீனம், வலிப்பு, பார்வை மங்கல், பேறுகாலத்தில் புதிதாக வரும் கடுமையான வலி: இவற்றுக்கு அன்றே மருத்துவமனை. இரும்புக் குறைவு உள்ளவருக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால், "ரத்தம் கம்மி, அதான்" என்று வீட்டில் இருந்துவிடுவது அவருக்கே அதிக ஆபத்து. ஐம்பது வயதுக்குமேல் பொட்டில் புதிதாக வலி தொடங்கி, மெல்லும்போது தாடை வலித்தால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் உடனே பார்க்க வேண்டும். தமனி அழற்சியைத் தவறவிட்டால் கண்பார்வை போய்விடக்கூடும்.

ஆக, என் முடிவு இது. இரும்புக் குறைவு தலைவலிக்குத் துணைபோகும் காரணம்; முதன்மைக் காரணம் என்று நிறுவப்படவில்லை. தலைவலி உள்ள பெண் மருத்துவரிடம் கேட்கத் தகுந்தவை சி.பி.சி.யும் ஃபெரிட்டினும். பி12, டி.எஸ்.எச்., இ.எஸ்.ஆர். ஆகியவை மேலே சொன்ன குறிகள் இருந்தால் மட்டும். தலைவலிக்காக வைட்டமின் டி, சீரம் மக்னீசியம், முழு வைட்டமின் தொகுப்பு ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை. ஃபெரிட்டின் குறைந்திருந்தால் தலைவலி போனாலும் போகாவிட்டாலும் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், அது குறைந்த காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.