மாரியில் மட்டும் கட்டும் கணக்கு

வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தால் சிப்பிக் காளான் போடலாம், மாதாமாதம் காசு வரும் என்று வன்னியில் பலர் சொல்லக் கேட்கிறோம். காளான் இங்கே முளைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எந்த மாதங்களில் முளைக்கும், முளைப்பது கடைக்காரருக்கு வேண்டிய நாளில் கைக்கு வருமா என்பவற்றையே எடைபோட வேண்டும்.

சிப்பிக் காளான் நன்றாக மொட்டு வைக்க 20 முதல் 28 பாகை வரையான வெப்பமும் நல்ல ஈரக்காற்றும் தேவை. ஐப்பசியில் மழை தொடங்கியதிலிருந்து மாசி வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இது பெரும்பாலும் தானாகவே அமையும். சித்திரைக்குப் பிறகு வெயில் 33 பாகையைத் தாண்டுகிறது. சோழகக் காற்று அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. தகரக் கூரையின் கீழ் மொட்டுகள் மஞ்சளாகிக் கருகும். நனைத்த சாக்குகளைச் சுற்றிக் கட்டினால் சூடு கொஞ்சம் தணியும். ஆனால் கிணறு வற்றும் மாதங்களில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? சாக்கை இறுக்கிக் கட்டிக் காற்றை அடைத்தாலும் கேடுதான். தண்டு நீண்டு குடை சிறுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

முதலீட்டில் மக்கள் பெரும்பாலும் பிழைவிடுவது பை தயாரிப்பில். வழக்கமான கலவை 10 கிலோ மரத்தூள், 1 கிலோ தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றம்மா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று. அந்த மரத்தூள் இறப்பர், மா போன்ற மென்மரத்தினுடையது. இறப்பர் வன்னியில் பெரிதாக விளைவதில்லை. இங்குள்ள மரக்காலைகளில் பாலையும் முதிரையும் தேக்கும் வேம்பும் கலந்த தூளே அதிகம் கிடைக்கும், அது உதவாது. அதோடு பீப்பாவில் மணிக்கணக்காக ஆவியில் அவிக்க விறகும் அனுபவமும் வேண்டும். ஆகவே முதல் பருவத்தில் வெண்மை முழுதாகப் படர்ந்த பைகளை விலைக்கு வாங்குவதே புத்தி. தட்டு, நுளம்புவலை, சாக்கு, கைத்தெளிப்பான் ஆகியவை போதும்.

பழக்கம் வந்தபின் சொந்தமாகப் பை போடுகிறவர் பச்சைப் பூஞ்சணம் எங்கே தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும். வாயருகே தொடங்கினால் வித்து இடும்போது கை சுத்தமில்லை. நடுவிலும் அடியிலும் திட்டுத்திட்டாக வந்தால் அவியல் போதவில்லை. புளித்த நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. எதுவானாலும் அந்தப் பையை அறைக்குள் பிரிக்காமல் வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும்.

இனி விற்பனை. 100 பைகளை ஒரேயடியாக வாங்கினால் என்ன நடக்கும்? பத்துப் பை பழுதாகி, மற்றவை தலா 300 கிராம் தந்தால் மொத்தம் 27 கிலோ. இதில் ஏறத்தாழப் பாதி முதல் அலையிலேயே ஒரு வாரத்துக்குள் வெடித்துவரும். அதாவது 65க்கு மேற்பட்ட 200 கிராம் பைக்கற். அதன்பின் ஏறத்தாழப் பத்து நாள் ஒன்றுமில்லை. கடைக்காரர் முதல் வாரம் மிச்சத்தைத் திருப்பித் தருவார், அடுத்த வாரம் வேறொருவரிடம் வாங்குவார். பறித்த காளான் வெளியே ஒரு நாளில் சுருண்டு மணக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஐந்தாறு நாள் தாங்கும். காயவைக்கலாம் என்றால், நன்றாக விளையும் மாரியில்தான் வெயிலே இல்லை.

வாரம் 25 பையாக வாங்கினால் சில வாரங்களில் விளைச்சல் நிலைப்படும்: வாரத்துக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதாவது நாளுக்கு நாலைந்து பைக்கற். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ இரண்டு கடை தாங்கக்கூடிய அளவு இது. கந்தசஷ்டி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று மரக்கறிச் சமையல் கூடும் காலமும் இதே பருவத்தில் வருகிறது. ஆனால் விரதத்துக்குக் காளானை ஒதுக்கும் வீடுகளும் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை ஏறி இறங்கும், விகிதம் நிற்கும். 25 பைக்கு ஏறத்தாழ 33 பைக்கற் கிடைக்கிறது. ஒரு பையின் விலை, கடைக்காரர் தரும் ஒரு பைக்கற் விலைக்குச் சமமானால் வாரம் முழுதும் உழைத்ததற்கு எட்டுப் பைக்கற் காசுதான் மிஞ்சும். பாதியாக இருந்தால் இருபது மிஞ்சும். பாதிக்கு மேல் போனால் நான் தொடங்க வேண்டாம் என்பேன்.

அறையைப் பற்றியும் ஒன்று. விரிந்த குடைகள் கொட்டும் நுண்ணிய வித்துத்தூள் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கலாம். விடாத இருமலும் காய்ச்சலும் அதன் அடையாளமாக இருக்கலாம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்து அறை இதற்கு ஆகாது. இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் எந்த அறையும் ஆகாது. வளவில் கிடுகு வேய்ந்த தனிக் கொட்டிலே சரி. ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்தால் தூளும் குறையும், காளானும் ஒரு நாள் கூடத் தாங்கும்.

என் தீர்ப்பு: வன்னியில் இது ஐந்து மாதப் பக்க வருமானம், ஆண்டு முழுதும் குடும்பத்தைத் தாங்கும் தொழில் அல்ல. கடன் எடுத்துத் தொடங்கத் தகாது. ஐப்பசிக்கு முன் இரண்டு கடைக்காரரிடம் நாளுக்கு எத்தனை பைக்கற், என்ன விலை என்று பேசி முடியுங்கள். அந்தப் பேச்சு முடியாதவரை ஒரு பையும் வாங்காதீர்கள்.