இரவல் கவசம், சொந்த அழுக்கு

1956இல் லண்டனில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் 16 எம்.எம். கேமராவை வைத்துக்கொண்டு ஒரு முழுநீளப் படத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரிட்டனைப் பிடித்திருந்தால் அங்கே வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பது கதை. இளைஞரின் பெயர் கெவின் பிரௌன்லோ. ராணுவ உடைகள் மீது தீராத மோகம் கொண்ட ஆண்ட்ரூ மோலோ அவருக்கு அறிமுகமானார். மோலோவுக்கு அப்போது வயது பதினாறு. பிரௌன்லோவின் நடிகர்கள் அணிந்திருந்த ஜெர்மன் சீருடைகள் தப்பு என்று அவர் தயங்காமல் சொல்லிவிட்டார். பிரௌன்லோ கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, மோலோவையே கூட்டாளியாக்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

'இட் ஹேப்பன்ட் ஹியர்' என்ற அந்தப் படம் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. மொத்தச் செலவு சுமார் 7,000 பவுண்டு. நடித்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ஸ்டான்லி குப்ரிக் தம் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படப்பிடிப்பில் மிஞ்சிய ஃபிலிம் துண்டுகளைக் கொடுத்து உதவினார். பத்தாண்டு கழித்து இதே இருவரும் 'வின்ஸ்டன்லி' (1975) எடுத்தார்கள். 1649இல் சர்ரேயின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தை உழுது பயிரிட்ட ஏழைகளின் கதை அது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் உதவியோடு ஏறத்தாழ 24,000 பவுண்டில் முடிந்தது. நாயகனாக நடித்த மைல்ஸ் ஹாலிவெல் ஒரு பள்ளி ஆசிரியர். படத்தில் வரும் கவசங்களோ 1640களைச் சேர்ந்த அசல் பொருள்கள். லண்டன் டவரின் ஆயுதச் சேகரிப்பிலிருந்து அவை இரவலாக வந்தன.

கவசமே இரவல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரவல் வாங்கிய பொருளை வெட்டக் கூடாது, சாயம் போடக் கூடாது, சேற்றில் புரட்டக் கூடாது. ஆனால் ஒரு காலத்தைத் திரையில் நம்பவைப்பது பெரும்பாலும் அழுக்கும் தேய்மானமும்தான். ஆகவே திட்டம் போடுகிறவர் முதலில் பிரிக்க வேண்டியது 'கிடைப்பது, கிடைக்காதது' என்று அல்ல. 'அழுக்காகலாம், ஆகக் கூடாது' என்று. உடம்பை ஒட்டிய உடைகளைச் சொந்தமாகத் தைத்துக்கொள்ள வேண்டும். இரவல் பொருள் அவற்றுக்கு மேலே, கொஞ்ச நேரம் மட்டும் ஏறி இறங்க வேண்டும். வியர்வையின் உப்பு இரும்பில் துருவைக் கிளப்பும், வெள்ளிச் சரிகையைக் கறுக்கவைக்கும். அதனால் இடையில் ஒரு பருத்தித் துணி இருப்பது பொருளுக்கும் நல்லது, கொடுத்தவர் நம்மை மறுபடி வாசலில் சேர்ப்பதற்கும் நல்லது.

இரண்டாவது பிரிவினை தூரம். கேமராவுக்கு அருகில் முகத்தோடு சேர்ந்து வருவது, இடுப்பளவில் நடமாடுவது, தொலைவில் வெறும் உருவமாகத் தெரிவது என மூன்று வரிசை. அசல் பொருள் முதல் வரிசைக்கு. இரண்டாம் வரிசைக்குச் செய்துகொள்ளலாம். மூன்றாம் வரிசைக்கு உருவக் கோடு சரியாக இருந்தால் போதும். 'மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெய்ல்' (1975) படத்தில் மாவீரர்கள் அணிந்த இரும்பு வளையச் சட்டை உண்மையில் கம்பளி நூலில் பின்னி வெள்ளி வண்ணம் தெளித்தது. நனைந்தால் கனத்துத் தொங்கும், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றால் கண் அதை இரும்பென்றே வாங்கிக்கொள்ளும். குதிரைக்குப் பணமில்லாததால் அதே படத்தில் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். அது நகைச்சுவைப் படம், தப்பித்துவிட்டது. வின்ஸ்டன்லியில் அப்படிச் சிரித்துத் தப்பிக்க வழியில்லை. அங்கே பன்றிகள்கூடப் பழைய, அருகிவரும் இனங்களிலிருந்து தேடிப் பிடிக்கப்பட்டவை. இன்றைய பண்ணைப் பன்றி பதினேழாம் நூற்றாண்டுக் காட்டில் நின்றால் அதுவே பொய் சொல்லிவிடும் என்ற கவலை அவர்களுக்கு.

பிரௌன்லோவும் மோலோவும் எடுத்த இரு படங்களும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. இன்றைய ரசாயனச் சாயத்தின் பளிச்சும், பத்துப் பேரிடம் வாங்கிய பத்துத் துணிகளின் நிற முரணும் கறுப்பு வெள்ளையில் அடங்கிவிடும். ஆனால் நெசவு அடங்காது. பாலியஸ்டரின் வழுவழுப்பு, இயந்திரத் தையலின் ஒரே சீரான ஓட்டம், ஓவர்லாக் அடித்த ஓரம் எல்லாம் நிறம் இல்லாதபோது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

இந்த முறை நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு பேச்சுக்கு, 1943இல் காவிரிக் கரை ஊர் ஒன்றின் வீட்டில் நடக்கும் குறும்படம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் படப்பிடிப்பு, ஆறு பாத்திரங்கள், ரேஷன் வரிசையில் நிற்க இருபது பேர். உடைக்கும் ஒப்பனைக்கும் பொருள்களுக்கும் சேர்த்துக் கையில் 40,000 ரூபாய். முதலில் கதை எத்தனை நாளில் நடக்கிறது என்று எண்ண வேண்டும். படப்பிடிப்பு நாள் வேறு, கதை நாள் வேறு. கதையில் ஐந்து நாள் என்றால் ஆறு பேருக்கு முப்பது உடுப்பு என்று பயப்படத் தேவையில்லை. அந்தக் காலத்து நடுத்தர வீட்டில் ஒருவருக்குப் பெட்டி நிறையத் துணி இருந்ததில்லை. ஆளுக்கு இரண்டு உடுப்பு, பாட்டிக்கு ஒரே புடவை என்று வைத்தால் அது சிக்கனமும் ஆகும், உண்மையும் ஆகும்.

அடுத்து, இரவல் எங்கே கிடைக்கும் என்பதைப் பார்க்கலாம். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, மரப்பெட்டி, ஊஞ்சல் போன்றவை உறவினர் வீட்டுப் பரண்களில் இருக்கும். பாட்டியின் கூறைப் புடவையும் இருக்கும். ஆனால் எழுபது வருடம் மடித்தே கிடந்த பட்டு, மடிப்பு ஓரங்களில் இற்றுப்போயிருக்கும். மூலையை விரலால் லேசாக இழுத்துப் பார்த்தால் இழை விட்டுக்கொடுப்பது தெரியும். அப்படிப்பட்ட புடவையை ஒருவர் கட்டிக்கொண்டு நடக்கவே கூடாது. கொடியில் தொங்கலாம், பெட்டி திறக்கும்போது மேலே கிடக்கலாம். அதைக் கட்டியிருப்பவராகக் காட்ட வேண்டியவருக்குக் கதர்க் கடையில் ஒரு முரட்டுப் பருத்திப் புடவை எடுப்பதே சரி. பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

கடையில் எடுக்கும் துணி உண்மையிலேயே பருத்தியா என்று பார்க்க ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் போதும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சிறு மணியாகச் சுருளும். கலப்புத் துணியைத் தேநீர் டிகாக்‌ஷனில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பழுப்பு சரியாக ஏறாது. பருத்தியைச் சலவைச் சோடாவில் இரண்டு மூன்று முறை வெளுத்து, டிகாக்‌ஷனில் முக்கி, முழங்கை, கழுத்து, வேட்டியின் கீழோரம், உட்காரும் இடம் ஆகியவற்றில் மட்டும் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் துணி முழுவதையும் ஒரே மாதிரி அழுக்காக்கிவிடுவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது பழைய துணியாகத் தெரியாது, அழுக்கான புதுத் துணியாகத்தான் தெரியும்.

பொருள்களில் மாட்டிவிடுவது பெரும்பாலும் சின்னவைதான். எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் குடம், பால்பாயின்ட் பேனா ஆகியவை 1943இன் நடுத்தர வீட்டில் இருந்திருக்க மாட்டா. நூறு பைசா கொண்ட ரூபாய் 1957இல்தான் வந்தது. ரேஷன் வரிசையில் கைமாறும் காசு அணாவாக இருக்க வேண்டும். பழைய அணாக் காசு சேகரிப்பாளர்களிடம் கிடைக்கும். ஆனால் க்ளோசப்பில் ஒன்று போதும், மற்றவை முஷ்டிக்குள் இருக்கலாம்.

ஒப்பனையில் இந்த அளவு பணத்துக்குச் சேர்க்கும் வேலையைவிட நீக்கும் வேலைதான் அதிகம். மலிவான விக் நெற்றியில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே நடிகர்களிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லி முடியும் மீசையும் வளர்க்கச் செய்வதே வழி. நடிகைகள் புருவம் திருத்துவதை அதே நாளிலிருந்து நிறுத்த வேண்டும். நூல் போட்டு வளைத்த புருவத்தை எந்தப் பவுடரும் மறைக்காது. ஸ்டிக்கர் பொட்டுக்குப் பதில் குங்குமம் அல்லது சாந்து. கைக்கடிகாரத்தின் வெயில் தழும்பு, நெயில் பாலிஷ், பல்லில் கம்பி ஆகியவற்றை ஒத்திகை நாளிலேயே கவனிக்க வேண்டும். வரிசையில் நிற்கும் இருபது பேருக்கும் தனித்தனியாகத் தலைமுடி சரிசெய்ய முடியாது. பாதிப் பேர் தலையில் துண்டு கட்டினால் இன்றைய கிராப் மறைந்துவிடும்; மீதிப் பேரை முதுகு காட்டி நிறுத்தலாம்.

கால்தான் இன்னொரு பொறி. வின்ஸ்டன்லியின் காலத்தில் இங்கிலாந்துக் காலணிகள் பெரும்பாலும் இடது வலது பேதமில்லாமல் தைக்கப்பட்டவை. அவற்றைப் போட்டவரின் நடையே வேறாக இருக்கும். 1943இன் காவிரிக் கரைக்கு இந்தத் தொல்லை குறைவு. ரேஷன் வரிசையில் பாதிப் பேர் வெறுங்காலோடு நிற்கலாம், செலவு இல்லை. ஆனால் தினமும் ஷூ போடுகிறவர்களின் வெளுத்த பாதத்தில் களிமண் பூச வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இரவல் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் எண், கொடுத்தவர், வாங்கிய தேதி, திருப்பும் தேதி, எந்தெந்தக் காட்சி, மதிப்பு. கூடவே நான்கு பக்கமும் எடுத்த போட்டோ. ஏற்கெனவே இருக்கும் கீறலுக்கும் ஒடுக்கத்துக்கும் தனி போட்டோ. இந்த நோட்டுதான் படப்பிடிப்பு வரிசையையும் தீர்மானிக்கும். ஊஞ்சல் இரண்டு நாளுக்குத்தான் கிடைக்கிறது என்றால் ஊஞ்சல் வரும் காட்சிகள் அத்தனையும் அந்த இரண்டு நாளில் முடிய வேண்டும், கதையில் அவை எங்கே வந்தாலும் சரி. மழையில் நனையும் காட்சிக்கு இரவல் கோட்டு எழுதப்பட்டிருந்தால், உலர்ந்த காட்சிகளை முதலில் எடுத்துக் கோட்டைத் திருப்பிவிட்டு, தைத்த மாற்றுக் கோட்டோடு மழைக்குள் போக வேண்டும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரவல் முறை பணத்தை மிச்சப்படுத்தும், காலத்தைத் தின்னும். எட்டு ஆண்டு நீண்ட படப்பிடிப்பில் நடிகர்கள் வயதாகிக்கொண்டே இருப்பார்கள். நான்கு நாள் குறும்படத்துக்கே பொருள் சேர்க்க நான்கைந்து வாரம் பிடிக்கும். அதற்குத் தனியாக ஒருவர் அலைய வேண்டும். 40,000இல் ஆட்டோவுக்கும் மினி லாரிக்கும் எதிர்பாராத அளவு போய்விடும். அண்டாவும் ஊஞ்சலும் இலவசம், அவற்றைக் கொண்டுவருவது இலவசம் இல்லை. துணிக்கும் தையலுக்கும் பாதியை முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டிக்கும் ஒப்பனைக்கும் பங்கு போட்டு, ஒரு சிறு தொகையைச் சேதாரத்துக்கென்று தொடாமல் வைத்திருப்பவர்கள் கடைசி நாளில் தப்பிப்பார்கள்.

மோலோ குடும்பத்தின் இந்த நுணுக்கம் பின்னாளில் பெரிய பட்ஜெட் படங்களுக்கும் போனது. ஆண்ட்ரூவின் அண்ணன் ஜானும் ராணுவச் சீருடை ஆய்வாளர்தான். ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படத்தின் உடைகளுக்காக அவரும் பானு அத்தையாவும் சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார்கள். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. அங்கே தேவையானதைத் தைத்துக்கொள்ளப் பணம் இருந்தது. காவிரிக் கரைக் குறும்படத்தில், ஐந்தாம் நாள் காலை, கழுவித் துடைத்த அண்டாக்கள் திண்ணையில் வரிசையாக இருக்கும். உதவி இயக்குநர் நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் போட்டோவோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். ஏழாம் எண் அண்டாவின் விளிம்பில் புதிதாக ஓர் ஒடுக்கம் தெரிந்தால், வண்டியில் ஏற்றும் முன்பே கொடுத்த அத்தைக்கு ஃபோன் போக வேண்டும்.