காணாமல் போன ஆறு மாதம்

சென்ற வாரம் தபாலில் ஒரு நாவல் வந்தது. எழுதியவருக்கு இது முதல் நாவல். பெயர் வேண்டாம், பதிப்பகத்தின் பெயரும் வேண்டாம்.

83-ம் பக்கத்தின் கடைசி வரியில் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுகிறார். தாளைத் திருப்பினால், 'காபி ஆறிடும், சீக்கிரம் வாங்க' என்று மருமகள் கூப்பிடுகிறாள். செத்தவரையா? மறுபடி படித்தும் புரியவில்லை. எழுதத் தெரியவில்லை என்று பென்சிலால் குறித்துவிட்டு ஆசிரியருக்கு போன் பண்ணினேன்.

"நடுவுல ஆறு மாசம் ஆயிடுது சார். ஒரு வரி காலியா விட்டிருந்தேனே!" என்றார் பரிதாபமாக.

விட்டிருக்கிறார். கைப்பிரதியில் அது பக்கத்தின் நடுவே இருந்தது. அச்சில் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. அடியில் வரும் காலி வரிக்கும் மார்ஜினுக்கும் என்ன வித்தியாசம்? ஆறு மாதம் அதில் கரைந்துவிட்டது. தப்பு என் மேல் பாதி, லேஅவுட் மேல் பாதி.

காட்சி மாறும் இடத்தில் கைப்பிரதியில் வெறும் என்டர் தட்டக் கூடாது. தனி வரியில், நடுவில், மூன்று நட்சத்திரக் குறி போட வேண்டும். லேஅவுட் செய்பவர் அதைப் பார்த்து, மற்ற இடங்களில் காலி வரியாக்கினாலும், பக்கத்தின் அடியிலோ தலையிலோ வந்தால் நட்சத்திரத்தை அப்படியே வைத்துவிடுவார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அத்தியாயத்தின் முதல் பாராவும், காட்சி மாறியபின் வரும் முதல் பாராவும் உள்தள்ளாமல் விளிம்பிலிருந்தே தொடங்கும். மற்றவை சற்றுத் தள்ளித் தொடங்கும். இந்தப் புத்தகத்தில் அதுவும் உதவவில்லை. உள்தள்ளலை ஸ்பேஸ் பாரைத் தட்டியே செய்திருக்கிறார்கள். ஒரு பாராவுக்கு நாலு தட்டு, இன்னொன்றுக்கு ஆறு, சிலதுக்கு மறதி. எல்லாமே கோணல் என்றால் எது அடையாளம்? பாரா ஸ்டைலில் முதல் வரிக்கு 5 மில்லிமீட்டர் என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும், புத்தகம் முழுக்க ஒழுங்காகிவிடும். வேர்டில் ¶ பொத்தானை அழுத்துங்கள். பாராக்களின் தலையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஸ்பேஸ் தட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முன்பக்கங்களிலும் ஒரு கூத்து. தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் உரிமை விவரம், சமர்ப்பணம், பொருளடக்கம், அணிந்துரை, முன்னுரை என்ற வரிசை சரிதான். ஆனால் பிரமுகரின் அணிந்துரை கடைசி நேரத்தில், நாலு பக்கத்துக்கு வந்திருக்கிறது. பொருளடக்கத்தை யாரும் திருத்தவில்லை. 21-ல் இருப்பதாகச் சொல்லும் அத்தியாயம் 25-ல் இருக்கிறது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண் கொடுத்து, கதையை 1-ல் தொடங்கியிருந்தால் அணிந்துரை எத்தனை பக்கம் வந்தாலும் கவலையில்லை.

நாவல்? நன்றாகவே இருக்கிறது. அந்த மருமகள் காபிக்குக் கூப்பிடுவது மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தன் கணவனை. அது தெரிந்தபின் படித்தால் தொண்டை அடைக்கிறது. பென்சில் குறிப்பை அழித்துவிட்டேன். இரண்டாம் பதிப்பில் 83-ம் பக்கத்தின் அடியில் மூன்று நட்சத்திரம் போடச் சொல்லியிருக்கிறேன்.