இல்லாத பேயும் இருந்த விளையாட்டும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அது ஒரு தனி மனிதனுடைய பயத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஓர் ஊரே சேர்ந்து அரண்டால் என்ன நடக்கிறது, பேய்க்கு யார் யார் கை கால் ஒட்டவைக்கிறார்கள், யார் பெயர் சூட்டுகிறார்கள் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொன்னவர் ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியல் அறிஞர். 1972-ல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் 'மாரல் பானிக்' என்ற சொல் எங்கும் புழங்க ஆரம்பித்தது. 'ஒழுக்கப் பீதி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கொள்கையை ராஜ்கோட் நகரத்தின் ஒரு போலீஸ் உத்தரவோடு பொருத்திப் பார்க்க வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக ஆசை. பொருந்துகிற இடங்களைக் காட்டிலும் பொருந்தாமல் இடிக்கிற இடங்கள் எனக்கு அதிக ருசியாக இருக்கின்றன.

முதலில் கோஹன் கண்டது என்ன? 1964-ம் வருஷம் ஈஸ்டர் விடுமுறை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிளாக்டன் என்ற சின்ன ஊர். அந்த வருஷம் குளிரும் மழையுமாக இருந்தது. லண்டனிலிருந்து வந்த பையன்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிளில் தெருவில் உறுமிக்கொண்டு போனார்கள். ஒருவர் மேல் ஒருவர் கல் வீசினார்கள். சில ஜன்னல்கள் உடைந்தன. கடற்கரைக் குடில்கள் சில சேதமாயின. மொத்த நஷ்டம் 500 பவுன் சொச்சம். மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்களோ, ஊர் தீப்பற்றி எரிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். கோஹன் அந்தக் கடற்கரைகளுக்கே போய், மக்களோடு பேசி, பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, பீதி எப்படி வளர்கிறது என்று எழுதினார். நடந்ததைப் பெருக்கிச் சொல்லுவது முதற்படி. 'அடுத்த விடுமுறையிலும் இது நடக்கும்' என்று ஜோசியம் சொல்லுவது இரண்டாவது படி. ஸ்கூட்டரும் மேல்கோட்டும் தலைவாரும் மாதிரியும் தீமையின் சின்னங்களாகிவிடுவது மூன்றாவது படி. பிறகு அந்தச் சின்னத்தை எங்கே கண்டாலும் போலீஸ் பாயும். பாய்ந்த செய்தி மறுபடி பத்திரிகைக்கு வரும். 'பார்த்தீர்களா, நாம் பயந்தது சரிதான்' என்று ஊர் சொல்லும். இப்படிச் சக்கரம் சுற்றும். அதன் நடுவில் நிற்கிற பையனுக்குக் கோஹன் வைத்த பெயரை 'ஊர்ச் சாத்தான்' என்று தமிழில் சொன்னால் தப்பில்லை.

இப்போது ராஜ்கோட்டுக்கு வருவோம்.

2018 மார்ச்சில் 'பப்ஜி மொபைல்' என்ற விளையாட்டு உலகத்துக்கு வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் பாராசூட்டில் குதிப்பார்கள். கையில் ஒன்றுமிருக்காது. வீடு வீடாகத் தேடித் துப்பாக்கியும் கவசமும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பத்திரமான வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் உயிர் போகும். கடைசியில் எஞ்சியவர் ஜெயித்தவர். ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை மணி. இலவசம். 2016 செப்டம்பருக்குப் பிறகு இந்தியாவில் இன்டர்நெட் மலிவாகிவிட்டபடியால், சாதாரண போன் வைத்திருக்கிற பையன்கூட ஆட முடிந்தது. முக்கியமான விஷயம் இன்னொன்று: நாலு நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆடிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசலாம். பெரியவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு ஒரு பையன் சுவரைப் பார்த்து, 'அடி, அடி, பின்னால் வர்றான்' என்று கத்துவது மட்டும்தான் தெரியும். உள்ளே அது ஒரு திண்ணைப் பேச்சு.

2019 ஜனவரியில் குஜராத் அரசு, ஆரம்பப் பள்ளிகளில் இந்த விளையாட்டைத் தடுக்க வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பியது. அதே மாதக் கடைசியில், பரீட்சை பற்றி மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பிரதமர் பேசிய கூட்டத்தில், ஒரு தாயார் தன் மகன் ஆன்லைன் விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதாகச் சொல்ல, 'பப்ஜிக்காரனா?' என்று அவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. சின்னம் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மார்ச் 6-ம் தேதி ராஜ்கோட் போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். 9-ம் தேதியிலிருந்து ஏப்ரல் 30 வரை நகர எல்லைக்குள் இந்த விளையாட்டை ஆடக் கூடாது. இளைஞர்களின் நடத்தையும் பேச்சும் கெடுகின்றன என்பது காரணம். அதிகாரம், அன்று நடைமுறையில் இருந்த 144-வது பிரிவு. கலவரம் வருமென்று அஞ்சும்போது கூட்டம் கூடாமல் தடுப்பதற்குப் போடுகிற பிரிவு அது. தேதிகளைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். மார்ச்சும் ஏப்ரலும் பரீட்சைக் காலம்.

சில நாட்களுக்குள் பத்துப் பேர் கைதானார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். உடனே ஜாமீனில் விட்டுவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் போலீஸ் அதிகாரி ஒருவர் சொன்ன காரணம் பத்திரிகையில் வந்தது: ஆட்டத்தில் அவ்வளவு மெய்ம்மறந்திருந்தார்களாம், போலீஸார் பக்கத்தில் வருவதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லையாம். நான் நாவல் எழுதுகிறவன். ஒருவன் என் புத்தகத்தைப் படித்துக்கொண்டு போலீஸ் வருவதைக் கவனிக்காமலிருந்தால் அதை என் வாழ்நாள் பரிசாகவே எடுத்துக்கொள்வேன். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சொன்ன காலமும் உண்டு. என் பாட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகம் ஒளித்துவைத்த கதையை இன்னொரு நாள் சொல்லுகிறேன்.

கவலை குழந்தைகளைப் பற்றியது. கைதானவர்களோ வளர்ந்த வாலிபர்கள். ஏன்? போர்வைக்குள் புகுந்துகொண்டு ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பையனைப் போலீஸ்காரர் பார்க்க முடியாது. பொது இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறவனைப் பார்க்க முடியும். கண்ணுக்கு அகப்படுகிறவனே சாத்தான் ஆகிறான் என்ற கோஹனின் கருத்து இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்த உத்தரவின் விசேஷம் இன்னும் சொல்லவில்லை. அது தடுத்தது ஒரு விளையாட்டை அல்ல, இரண்டை. இரண்டாவதன் பெயர் 'மோமோ சவால்'. பிதுங்கிய கண்ணும் காது வரை கிழிந்த வாயும் உள்ள ஒரு பெண் முகம் போனில் தோன்றி, குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று 2018 முதல் தேசம் தேசமாக ஒரு செய்தி சுற்றியது. 2019 பிப்ரவரிக் கடைசியில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. குழந்தைகளைப் பாதுகாக்கும் சங்கங்கள் தேடிப் பார்த்தன. அப்படி ஒரு சவால் நடந்ததற்கு ஆதாரமே இல்லை. அங்குள்ள ஒரு பெரிய குழந்தைகள் சங்கம், பெற்றோர்களைவிடப் பத்திரிகைக்காரர்கள்தான் தங்களிடம் அதிகம் விசாரித்ததாகச் சொன்னது. அந்த முகமோ ஜப்பானியச் சிற்பி கெய்சுகே ஐசோ செய்த ஒரு பேய்ப் பொம்மை; 2016-ல் டோக்கியோவில் காட்சிக்கு வைத்தது. அது மக்கிப் போய் 2018-லேயே குப்பைக்குப் போய்விட்டது என்று அவரே பிறகு சொன்னார்.

ஆக, குப்பைக்குப் போன ஒரு பொம்மையின் பெயரிலிருந்த வதந்தியையும், லட்சக்கணக்கானவர் நிஜமாக ஆடிய ஒரு விளையாட்டையும் ஒரே காகிதத்தில், ஒரே பிரிவில், ஒரே தண்டனையோடு தடுத்தார்கள். பீதிக்கு இரண்டும் ஒன்றுதான். அளந்து பார்க்கிற வேலை அதற்கு இல்லை. அளவு மீறிய எதிர்ப்பே பீதியின் அடையாளம் என்று கோஹனுக்குப் பின்வந்த எரிக் கூட், நாக்மன் பென்-யெஹூதா இருவரும் 1994-ல் சொன்னார்கள். மோமோ விஷயத்தில் அளப்பது எளிது: தீமை பூஜ்யம், பயம் மலை.

பப்ஜி விஷயத்தில்தான் கொள்கை தடுமாறுகிறது. பயம் அளவு மீறியது என்று சொல்ல, சரியான அளவு என்னவென்று முதலில் தெரிய வேண்டும். அதை யார் சொல்வது? இந்தக் கேள்வியை 1986-லேயே வாடிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் கேட்டுவிட்டார்; திருப்தியான பதில் இன்றுவரை வரவில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019 மே மாதத்தில் விளையாட்டு அடிமைத்தனத்தைத் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு வைத்த நிபந்தனையைப் படிக்க வேண்டும். விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது நிற்க வேண்டும். கெடுதல் வந்த பிறகும் விட முடியாமல் தொடர வேண்டும். பொதுவாக ஒரு வருஷமாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் இரண்டு மணி நேரம் ஆடிய பையன் இதில் அடங்கமாட்டான். ஆனால் பள்ளிக்கே போகாமல், குளிக்காமல், வருஷக் கணக்கில் அறைக்குள் கிடக்கிற பையன் அடங்குவான். அவன் தாயாரிடம் போய், 'அம்மா, இது வெறும் ஒழுக்கப் பீதி' என்று சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லை. கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் கவலையையும் பீதி என்று தள்ளிவிடுகிற அறிஞர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான். கோஹனே அப்படிச் செய்யவில்லை. பிற்காலத்தில், 2001-ல், மனிதர்கள் பயப்பட வேண்டியவற்றைக் கண்டும் காணாமல் இருப்பதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

பீதி எதைக் காணாமல் விட்டது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஊர் முழுவதும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரனை ஒருவரும் பார்க்கவில்லை. இலவசமாகக் கொடுத்த ஆட்டத்துக்குள்ளே ஒரு கடைத்தெரு இருக்கிறது. நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கி, அதைக் கொடுத்துச் சட்டையும் தொப்பியும் துப்பாக்கிக்கு வர்ணமும் வாங்கலாம். என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியையும் வாங்கலாம். திறந்தால் நல்லது வரலாம், உப்புச்சப்பில்லாததும் வரலாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு சீட்டு. அதற்குள் தினமும் வந்து ஆடினால்தான் போட்ட பணத்துக்குப் பலன். பையனை நாளைக்கும் இழுத்துவருவது இந்த ஏற்பாடுதான். ராஜ்கோட் உத்தரவு கவலைப்பட்டது நடத்தையையும் பேச்சையும் பற்றி.

பிறகு பீதி என்ன ஆயிற்று? கரைந்துபோயிற்று. 2020 செப்டம்பரில் மத்திய அரசு இந்த விளையாட்டையும் சேர்த்து 118 செயலிகளைத் தடுத்தது. காரணம் குழந்தைகள் அல்ல. சீனாவோடு எல்லைத் தகராறு, தேசத்தின் பாதுகாப்பு. 2021 ஜூலையில் அதே விளையாட்டு, இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அப்போது குழந்தைகளுக்காக நிறுவனமே சில வரம்புகளை அறிவித்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஆடலாம். பெற்றோரின் சம்மதம் வேண்டும். பணம் செலவிடுவதற்கும் ஒரு வரம்பு உண்டு.

அந்த வரம்பு நாள் ஒன்றுக்கு 7,000 ரூபாய். எங்கள் தெருவில் அவ்வளவு பணத்துக்கு மாதம் முழுவதும் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படித்து அரண்டவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.