மார்க் வாங்கிய முகம், அம்மாவிடம் ஃபெயில்

சித்தப்பா மகன் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் பூசி, மலைப்படியில் இறங்கி வரும் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தான். "உன் முகத்தை இதுல வெச்சுப் பாரேன்" என்று அவனே சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முகம் மாற்ற `inswapper_128` என்ற மாடல். சரியாக வந்திருக்கிறதா என்று அளக்க, இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் முக ஒற்றுமை மதிப்பெண். மதிப்பெண் நன்றாகவே வந்தது. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். இரண்டு வினாடிகூட ஆகவில்லை: "மூஞ்சி உன்னோடதுதான். காது யாருதுடா? அவன் காதுல்ல அது!"

அம்மா பார்த்ததை அந்த எண் ஏன் பார்க்கவில்லை? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆர்க்ஃபேஸ் போன்ற முக அடையாள நெட்வொர்க், படத்திலிருந்து இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என ஐந்து புள்ளிகளைப் பிடித்து, முகத்தை நேராக்கி, 112×112 பிக்சல் சதுரமாக வெட்டிக்கொள்கிறது. அந்தச் சதுரத்தை 512 எண்களாக மாற்றுகிறது. என் போட்டோவின் 512 எண்களும், மாற்றிய முகத்தின் 512 எண்களும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்பதுதான் மதிப்பெண். 1 என்றால் ஒரே திசை. 0 பக்கம் வந்தால் வேறு ஆள்.

இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்தச் சதுரத்தில் உச்சந்தலை கிடையாது. கழுத்து கிடையாது. காது ஓரத்தில் அரைகுறையாக விழும், அவ்வளவுதான். முகமாற்ற மாடலும் கிட்டத்தட்ட அதே சதுரத்தை மட்டுமே மாற்றி, மறுபடி படத்தில் ஒட்டுகிறது. மொட்டைத் தலையில் காதை மறைக்க முடியும் ஒரு மயிரிழைகூட இல்லை. அம்மா கண் நேரே அங்கே போனது. அளவுகோலோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது விஷயம் தெளிவு. `inswapper_128` தருவது 128×128 பிக்சல் முகம். வீடியோவில் முகம் 500 பிக்சல் அகலம் இருந்தால், அதை இழுத்துப் பெரிதாக்கித்தான் ஒட்ட வேண்டும். சுற்றிலும் சந்தனத்தின் வெடிப்புகூடத் தெரியும்போது, முகம் மட்டும் மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கும். மதிப்பெண் கணக்கிடும்போது எல்லாமே 112-க்குச் சுருங்கிவிடுவதால், அந்த வித்தியாசமும் சுருங்கிக் காணாமல் போகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். இந்த மாடலுக்கு என் முகத்தைக் கொடுப்பதே ஆர்க்ஃபேஸ் வகை எண்களாகத்தான். அதே எண்களை வைத்தே விடைத்தாளையும் திருத்தினால்? கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்த பையன் நல்ல மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்?

ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதைக் கொஞ்சம் சமாளிக்க வேறொரு நெட்வொர்க்கை வைத்துத் திருத்துகின்றன. ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ்++ தொகுப்பின் 1000 வீடியோக்களில் ஒவ்வொன்றிலும் 10 ஃபிரேம் எடுத்து, மாற்றிய முகம் சரியான ஆளைத்தான் கண்டுபிடிக்கிறதா என்று எண்ணுவார்கள். அதில் ஃபேஸ்ஷிஃப்டர் 97.38 சதவீதம், பின்னால் வந்த சிம்ஸ்வாப் 92.83. இதை மட்டும் பார்த்தால் புதியது தோற்றுவிட்டது. ஆனால் தலை திரும்பும் கோணத்தில் வரும் பிழையைப் பாருங்கள்: ஃபேஸ்ஷிஃப்டர் 2.96, சிம்ஸ்வாப் 1.53. முகத்தை அழுத்திப் பதிக்கப் பதிக்க, அசல் வீடியோவின் அசைவு கெடுகிறது. ஒரே எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இந்தப் பண்டமாற்று தெரியாது.

இது ஆய்வுக்கூடத்துச் சண்டை மட்டும் இல்லை. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா முகத்தோடு பரவிய லிஃப்ட் வீடியோ நினைவிருக்கும். அசல், பிரிட்டனில் வாழும் ஓர் இந்திய வம்சாவளிப் பெண் அக்டோபரில் இன்ஸ்டாகிராமில் போட்டது. 2024 ஜனவரியில் ஆந்திராவின் குண்டூரைச் சேர்ந்த ஒருவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. அந்த வீடியோவின் தொடக்கத்தில், லிஃப்டுக்குள் நுழையும்போது ஒரு கணம் அசல் பெண்ணின் முகமே தெரிகிறது, அப்புறம்தான் மாறுகிறது. கவனமாகப் பார்த்தவர்கள் பிடித்தது அந்த ஒரு கணத்தைத்தான்.

இதற்கு மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குக்கு, 6 வினாடி வீடியோ, 150 ஃபிரேம் என்று வைப்போம். முதல் 15-ல் அசல் முகம், ஒற்றுமை 0.1. மீதி 135-ல் 0.7. சராசரி 0.64. "நல்ல ஸ்வாப்" என்று பாஸ் ஆகிவிடும்! அதனால் சராசரியோடு நிறுத்தாமல் இப்படிப் பாருங்கள்:

```python
s = frames @ src   # frames: (n, 512), src: (512,)
print(s.mean(), s.min())
print(abs(np.diff(s)).argmax())
```

எண்கள் நார்மலைஸ் ஆகியிருக்க வேண்டும். கடைசி வரி, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே பெரிய தாவல் எங்கே என்று சொல்லும். தீர்ப்பு சொல்லாது, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். எண்ணுக்கு அந்த வேலைதான் சரி.

பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். போனில் ஓடவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பது சோதனை இல்லை. நான் இப்போது செய்வது: முதலில் சாதாரண வேகத்தில் ஒரு தடவை. பிறகு பெரிய திரையில் ஃபிரேம் ஃபிரேமாக, மூன்று இடங்களில் மட்டும். கை அல்லது வேறு பொருள் முகத்தைக் கடக்கும்போது (என் வீடியோவில் அவன் நெற்றியைத் துடைக்கும்போது விரல் நுனி முகத்துக்குள் கரைந்துபோனது), முகம் பக்கவாட்டில் திரும்பும்போது, தாடையும் கழுத்தும் சேரும் கோட்டில். "10-க்கு 8" என்று மார்க் போடுவதில்லை. எந்த ஃபிரேமில் என்ன குறை என்று எழுதிவைக்கிறேன். கடைசியாக, மாற்றாத வீடியோக்களையும் கலந்து, எது எது என்று சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுகிறேன். போலி என்று தெரிந்தே பார்த்தால் அசல் வீடியோவிலும் குறை தெரியும்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. வாட்சப்பில் நாலு கை மாறி வந்த வீடியோவில், மெழுகு முகமும் சாதாரண முகமும் ஒரே மாதிரி மங்கிவிடும். அங்கே தாடைக் கோட்டைத் தேடிப் பயனில்லை. அசல் வீடியோவைத் தேடுவதே வழி.

நான் பயப்படுவது இதற்குத்தான்: யாராவது ஒரு வீடியோவைக் காட்டி, "முக ஒற்றுமை அதிகமா இருக்கு, அதனால இது அவரேதான்" என்று சொல்லும் நாள். ஒற்றுமை மதிப்பெண் பதில் சொல்வது "இது யார் முகம் மாதிரி இருக்கிறது?" என்ற கேள்விக்கு. "இந்தக் காட்சி நடந்ததா?" என்பது வேறு கேள்வி. போலி செய்பவன் கஷ்டப்பட்டு உயர்த்துவதே முதல் எண்ணைத்தான். அதே எண்ணை அவனுக்கு எதிரான சாட்சியாகவோ, வீடியோவுக்கு நற்சான்றாகவோ எப்படி வைக்க முடியும்?

வீடியோவை அழித்துவிட்டேன். காது விஷயத்தைச் சித்தப்பா மகனிடம் சொன்னபோது, "பெரியம்மாவையே டெஸ்டிங்குக்கு வெச்சுக்கோ" என்றான். தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.